கோடா, பட்டையா? ஜெராக்ஸைத் தாங்கும் அட்டவணை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையிலிருந்து ஒரு பெட்டி உதிரிபாகம் கிளம்பினால், டெலிவரி சலானோடு பெரும்பாலும் ஓர் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டும் கிளம்பும். வேர்டில் போட்ட அட்டவணை அது. அலுவலக மூலையில் இருக்கும் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரில் அச்சாகி, கையெழுத்தும் சீலும் வாங்கி, ஆவடிக்கோ திருமழிசைக்கோ பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் வேறொரு கம்பெனிக்கோ போகும். அங்கே ஸ்டோர்ஸில் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் போடுவார்கள். குவாலிட்டி பிரிவில் இருப்பவர் அந்த ஜெராக்ஸைத் தன் போனில் படம் பிடித்து இன்னொருவருக்கு அனுப்புவார். ஆக, ஒரே அட்டவணை பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷின், போன் கேமரா என்று மூன்று கருவிகளைக் கடந்து போகிறது. ஆனால் அதன் நிறங்களைத் தேர்ந்தெடுத்தவர் பார்த்ததோ கம்ப்யூட்டர் திரையை மட்டும்தான்.

வேர்டு கொடுக்கும் அட்டவணை ஸ்டைல்களில் எதை எடுத்தால் இந்த மூன்றையும் தாண்டி எண்கள் எண்களாகவே நிற்கும் என்பதுதான் இங்கே கேள்வி. இதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பார்ப்போம். ஒரு சிறிய புஷ். அதன் ரிப்போர்ட்டில் இருபத்துநான்கு வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் வரிசை எண், அளவின் பெயர், டிராயிங் அளவு, டாலரன்ஸ், ஐந்து துண்டுகளில் எடுத்த அளவுகள், கடைசியில் குறிப்பு. போர் 12 எச்7 என்றால் அது 12.000க்கும் 12.018க்கும் நடுவில் இருக்க வேண்டும். வெளி விட்டம் 25 எச்6, சிறிய எச் என்றால் 24.987க்கும் 25.000க்கும் நடுவில். மூன்றாம் தசம இலக்கத்தில் பாஸ், ரிஜெக்ட் தீர்மானமாகிறது. படிப்பவரின் கண் ஒரு வரிசை நழுவினாலோ, ஒரு புள்ளி மறைந்தாலோ, சரியான துண்டுகளுக்கே கேள்வி வரும்.

இந்த மாதிரித் தாளுக்குப் பெரும்பாலானவர்கள் கை வைக்கும் முதல் ஸ்டைல் Grid Table 4 வகை. அட்டவணைக்குள் கர்சரை வைத்தால் மேலே Table Design என்ற தாவல் வருகிறது. பழைய பதிப்புகளில் அது Design என்று இருக்கும். அங்கே வரிசையாகக் கிடக்கும் சின்னப் படங்களில் நீலத் தலைப்பும் வெளிர்நீலப் பட்டைகளும் கொண்டது Grid Table 4 - Accent 1. திரையில் அழகாகவே இருக்கிறது. பக்கத்திலேயே ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று அதே ஸ்டைலின் மற்ற நிறங்களும் இருக்கின்றன. பட்டறைக்கு ஒரு நிறம், வாடிக்கையாளருக்கு ஒரு நிறம் என்று பிரித்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் சில அலுவலகங்களில் உண்டு.

கறுப்பு வெள்ளை பிரிண்டருக்கு நிறம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நிறத்தையும் அது ஒரு சாம்பல் அளவாக மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தை நாமே முன்கூட்டிக் கணக்குப் போட்டுவிடலாம். நிறத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பங்குகள் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். நிறத் தேர்வுப் பெட்டியில் More Colors, அதில் Custom என்று போனால் அந்த மூன்று எண்களும் தெரியும். அவற்றை இந்தச் சூத்திரத்தில் போட வேண்டும்:

```
0.299 × R + 0.587 × G + 0.114 × B
```

விடை 255க்கு நெருங்கினால் வெள்ளை, 0க்கு நெருங்கினால் கறுப்பு. பிரிண்டரின் டிரைவருக்கு டிரைவர் கொஞ்சம் மாறும் என்றாலும், எது எதோடு குழம்பும் என்று தெரிந்துகொள்ள இது போதும்.

2013 முதல் பல ஆண்டுகள் ஆபீஸில் இருந்துவந்த நிறத்தொகுப்பை எடுத்துக்கொள்வோம். ஆரஞ்சு 237, 125, 49. கணக்குப் போட்டால் 150 வருகிறது. பச்சை 112, 173, 71, அதற்கு 143. வெளிர்நீலம் 91, 155, 213, அதற்கு 142. திரையில் மூன்றும் மூன்று நிறம், தாளில் மூன்றும் ஏறக்குறைய ஒரே சாம்பல். நிறத்தை வைத்து வாடிக்கையாளரைப் பிரித்தவருக்கு அந்தப் பிரிவு பிரிண்டரிலேயே முடிந்துவிடுகிறது. மஞ்சள்தான் இன்னும் மோசம். 255, 192, 0 என்ற அந்த மஞ்சள் 189 ஆகிறது. அதாவது கால் பங்குதான் கறுப்பு, மிச்சம் வெள்ளை. அதன் மேல் வெள்ளை எழுத்தில் தலைப்பு. திரையில் மஞ்சளின் பளிச்சென்ற நிறம் எழுத்தைக் காட்டிக்கொடுத்தது. தாளில் வெளிர் சாம்பல் மேல் வெள்ளை எழுத்து என்றால் தலைப்பு வரிசையையே தேட வேண்டியிருக்கும்.

பட்டைகளுக்கும் இதே கதிதான். மஞ்சள் ஸ்டைலின் பட்டை 242 ஆகிறது, வெற்றுத் தாளிலிருந்து அதைப் பிரித்துச் சொல்வது கடினம். நீல ஸ்டைலின் பட்டை 225 வரும், அது தெரியும். அண்மைப் பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் நிறத்தொகுப்பை மாற்றியிருக்கிறது. முதல் நிறம் இப்போது கரும்பச்சை கலந்த நீலம், சாம்பலில் 77 வருகிறது. வெள்ளை எழுத்துக்கு அது முந்தைய நீலத்தைவிடப் பொருத்தம். ஆனால் ஒரே ஸ்டைல் பெயர் பழைய கம்ப்யூட்டரில் ஒரு நிறமும் புதிய கம்ப்யூட்டரில் வேறொரு நிறமும் தரும் என்பதால், பெயரை நம்பி இருக்கக் கூடாது.

சரி, நிறமே வேண்டாம், கறுப்பே எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதே குடும்பத்தில் Accent என்ற சொல் இல்லாத வெறும் Grid Table 4 இருக்கிறது. தலைப்பு முழுக் கறுப்பு, எழுத்து வெள்ளை, பட்டைகள் வெளிர் சாம்பல். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. முழுக் கறுப்பை லேசர் பிரிண்டர் புள்ளிகளாக உடைப்பதில்லை, டோனரைத் தடவி நிரப்பிவிடுகிறது. அதனால் வெள்ளை எழுத்தின் ஓரம் கூர்மையாக வரும். ஆங்கிலத்தில் தடித்த பெரிய எழுத்தில் தலைப்பு வைத்தால் இது ஜெராக்ஸிலும் தாங்கும்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் மெய்யெழுத்தின் புள்ளி. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்றால் டோனர் சற்றுப் பரவும்போது புள்ளி கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். கறுப்பில் வெள்ளை எழுத்து என்றால் பரவும் டோனர் புள்ளியை அடைக்கிறது. ஒன்பது பாயின்ட் எழுத்தில் அச்சடித்து ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்தாலே 'குறிப்பு' என்பதில் உள்ள புள்ளி போய்விடலாம். ண, ஞ, ஐகாரக் கொம்பு போன்றவற்றின் சுழிகளும் இதே மாதிரி அடைந்துபோகும். இங்க்ஜெட்டில் சாதாரணத் தாள் என்றால் இங்க் இன்னும் அதிகமாக ஊறும். பன்னிரண்டு பாயின்ட், தடித்த எழுத்து என்று ஏற்றினால் தப்பலாம். ஆனால் பத்துப் பத்திகள் கொண்ட அட்டவணையில் அவ்வளவு பெரிய தலைப்புக்கு இடம் ஏது?

Grid Table 5 Dark என்று ஒன்று இருக்கிறது, எல்லாக் கட்டங்களிலும் நிறம் நிரப்பியது. அச்சுக்குப் போகும் எந்தத் தாளுக்கும் அது வேண்டாம்.

அடுத்து, பட்டைகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். அட்டவணையின் சிக்கலான பகுதியே இதுதான். லேசர் பிரிண்டரிடம் கறுப்பு டோனர் மட்டும்தான் இருக்கிறது, சாம்பல் டோனர் கிடையாது. சாம்பல் காட்ட வேண்டுமென்றால் கறுப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டுப் போடுகிறது. சாதாரண 600 டிபிஐ அலுவலகப் பிரிண்டரில் அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் சுமார் கால் மில்லிமீட்டர் இடைவெளி. ஒன்பது பாயின்ட் எழுத்தில் ஒரு தசமப் புள்ளியின் அகலம் சுமார் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். பட்டை போட்ட வரிசையில் 12.012 என்று எழுதினால், அந்த எண்ணின் தசமப் புள்ளி தன்னைவிடச் சிறிய நூற்றுக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. முதல் அச்சில் கண் அதைப் பிரித்தறியும். ஜெராக்ஸ் எடுக்கும்போது சில புள்ளிகள் உதிரும், சில பக்கத்துப் புள்ளியோடு ஒட்டிக்கொண்டு பெரிதாகும். இப்போது 12.012 என்பதில் எது தசமப் புள்ளி, எது பட்டையின் புள்ளி? எண்ணுக்கு நடுவே இன்னொரு கரும்புள்ளி விழுந்தால் அது என்ன எண்? மெய்யெழுத்துப் புள்ளிக்கும் இங்கே இதே ஆபத்துதான்.

போன் இதைவிட மோசமாகச் செய்யும். ஸ்கேன் செய்யும் ஆப்களில் தாளை வெளுப்பாக்கும் கறுப்பு வெள்ளை வடிகட்டி இருக்கும். அது ஒவ்வோர் இடத்தையும் கறுப்பா, வெள்ளையா என்று தீர்மானிக்கிறது. வெளிர் பட்டை என்றால் அழித்துவிடும், அடர் பட்டை என்றால் கரும்பொரிகளாக ஆக்கிவிடும். தாளின் ஒரு ஓரத்தில் நிழல் விழுந்திருந்தால் ஒரே பட்டையின் பாதி அழிந்தும் பாதி பொரிந்தும் வரும்.

இதனால் பட்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அச்சடித்த தாளே நேராகப் படிப்பவர் கைக்குப் போய் அங்கேயே நின்றுவிடும் என்றால் பட்டை நல்ல உதவிதான். அகலமான தாளில் பத்துப் பன்னிரண்டு பத்திகளைக் கண் கடக்கும்போது அது வரிசையைப் பிடித்துக்கொள்ள உதவும். அப்போது எவ்வளவு அடர்த்தி என்பதே கேள்வி. நிறத் தேர்வுப் பெட்டியில் வெள்ளைக்குக் கீழே அடுக்காக வரும் சாம்பல்களில் முதலாவது 5 சதவீதம். Plain Table 1 ஸ்டைல் பட்டைக்கு இதைத்தான் வைத்திருக்கிறது. டோனர் சேமிக்கும் முறையில் பிரிண்டர் ஓடினால் இது தாளில் தெரியவே தெரியாது. 15 சதவீதம்தான் சரியாக நிற்கும் என்பது என் அனுபவம். அந்தப் பெட்டியில் அதன் பெயர் White, Background 1, Darker 15%. 25 சதவீதத்துக்குப் போனால் பட்டை நன்றாகத் தெரியும், எழுத்து மங்கும். சீலும் கையெழுத்தும் விழும் இடத்தை மட்டும் எந்தப் பட்டையும் இல்லாமல் வெள்ளையாக விட வேண்டும். ஊதா சீல் மை சாம்பல் மேல் விழுந்தால் ஜெராக்ஸில் சீல் படிக்க வராது.

புஷ்ஷின் ரிப்போர்ட் மேசையில் நிற்கும் தாள் இல்லை, ஊர் சுற்றும் தாள். அதற்குப் பட்டையைவிடக் கோடு நல்லது. ஆனால் கோட்டிலும் இரண்டு வகை இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. Plain Table 1ல் கட்டங்களைப் பிரிக்கும் கோடுகள் சாம்பல் நிறம். Grid Table 1 Lightலும் அப்படித்தான். மெல்லிய சாம்பல் கோட்டைப் பிரிண்டர் எப்படிப் போடும்? அதையும் புள்ளிகளாகத்தான் போடும். திரையில் மெல்லிய அழகான கோடு, தாளில் விட்டுவிட்டு வரும் புள்ளிக்கோடு, ஜெராக்ஸில் அதுவும் இல்லை. ஆகவே கோடு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் நிறம் முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். தடிமன் அரை பாயின்ட் போதும். 600 டிபிஐயில் அது நான்கு புள்ளி அகலம். கால் பாயின்ட் என்றால் இரண்டே புள்ளி, தேய்ந்த டிரம்மில் அறுந்து வரும். தலைப்புக்கு மேலும் கீழும் ஒன்றரை பாயின்ட் கோடு போட்டால் நிறமே இல்லாமல் தலைப்பு தனித்து நிற்கும்.

வேர்டு புதிதாகப் போடும் அட்டவணை இயல்பாகவே Table Grid என்ற ஸ்டைலில் வருகிறது. அதில் கறுப்பு அரை பாயின்ட் கோடுகள் இருக்கின்றன, தலைப்புக்கு என்று எந்த வேறுபாடும் இல்லை. ஆகவே புஷ் ரிப்போர்ட்டுக்கு வேண்டியது Table Gridஐ அடித்தளமாக வைத்து நாமே செய்துகொள்ளும் ஒரு ஸ்டைல். செய்வதற்குச் சில நிமிடம்தான் ஆகும்.

அட்டவணைக்குள் கர்சரை வைத்து, Table Designல் ஸ்டைல் படங்களின் பெட்டியைக் கீழ்நோக்கி விரித்தால் அடியில் New Table Style இருக்கும். திறக்கும் பெட்டியில் ஒரு பெயர் கொடுத்து, Style based on என்ற இடத்தில் Table Grid தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் Apply formatting to என்பதுதான் இந்தப் பெட்டியின் சாவி. முதலில் அது Whole table என்று இருக்கும். அப்படியே விட்டு, கோடுகளின் நிறம் கறுப்பு, தடிமன் அரை பாயின்ட் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து அதை Header row என்று மாற்றுங்கள். இப்போது செய்வதெல்லாம் தலைப்புக்கு மட்டும் போகும். தடித்த எழுத்து, எழுத்தின் நிறம் கறுப்பு, மேலும் கீழும் ஒன்றரை பாயின்ட் கோடு. நிரப்பு நிறம் வேண்டாம்; மனம் கேட்கவில்லை என்றால் 15 சதவீதச் சாம்பல் மட்டும். பட்டையும் வேண்டும் என்பவர்கள் இதே இடத்தில் Odd banded rows என்று மாற்றி அதற்கும் 15 சதவீதம் கொடுக்கலாம்.

இருக்கிற Grid Table 4ஐயே திருத்திக்கொள்ள விரும்பினால், அதன் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து Modify Table Style என்று போகலாம். அங்கே ஒரு பொறி இருக்கிறது. தலைப்பின் நிரப்பு நிறத்தை மட்டும் வெளிர் சாம்பலாக மாற்றிவிட்டு வெளியே வந்தால், எழுத்து வெள்ளையாகவே இருந்துவிடும். ஏனென்றால் அந்த ஸ்டைலில் எழுத்து நிறம் தனியாக வெள்ளை என்று எழுதப்பட்டிருக்கிறது. நிரப்பு நிறத்தையும் எழுத்து நிறத்தையும் எப்போதும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பெட்டியின் அடியில் Only in this document, New documents based on this template என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. இரண்டாவதை எடுத்தால் அந்தக் கம்ப்யூட்டரில் புதிதாகத் திறக்கும் கோப்புகளிலும் உங்கள் ஸ்டைல் இருக்கும். பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் இருக்காது. அதனால் எண்கள் இல்லாத வெற்று ரிப்போர்ட் ஒன்றை .dotx வடிவில் சேமித்து, எல்லோரும் அதிலிருந்தே தொடங்கும்படி வைப்பது நல்லது.

ஸ்டைலை விட்டுவிட்டு, ஒன்றுவிட்டு ஒரு வரிசையைத் தேர்ந்து கையாலேயே சாம்பல் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வாடிக்கையாளர் டிராயிங்கைத் திருத்தி ஏழாவது வரிசைக்குப் பின் ஓர் அளவைச் சேர்க்கச் சொன்னால் வித்தியாசம் தெரியும். ஸ்டைலில் போட்ட பட்டை தானே ஒருபடி நகர்ந்து சரியாகிவிடும். கையால் பூசியது அப்படியே நிற்கும். புது வரிசையும் பக்கத்து வரிசையும் ஒரே நிறத்தில் ஒட்டிக்கொள்ளும். வரிசைகளை மாற்றி அடுக்கினால் பட்டைகள் முழுவதும் கலைந்துபோகும். ஏற்கெனவே கையால் பூசிய கோப்பு இருந்தால், ஸ்டைல் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து Apply and Clear Formatting கொடுத்துப் பாருங்கள். அப்போதும் பிடிவாதமாக ஏதாவது நிறம் நின்றால், Layout தாவலில் Convert to Text கொடுத்து அட்டவணையை வெறும் எழுத்தாக்கி, மீண்டும் Insert, Table, Convert Text to Table என்று அட்டவணையாக்கலாம். இணைத்த கட்டங்கள் மட்டும் இதில் பிரிந்துவிடும்.

ஓர் அளவுக்கு இரண்டு வரிசை எடுத்துக்கொள்ளும் ரிப்போர்ட்டுகளும் உண்டு. மேல் வரிசையில் நம் அளவு, கீழ் வரிசையில் வாடிக்கையாளர் எடுக்கும் அளவு. அதற்கு ஒன்றுவிட்டு ஒன்று பட்டை போட்டால் ஒரு ஜோடியே இரண்டாகப் பிரிந்துபோகும். ஸ்டைல் திருத்தும் பெட்டியில் Format பொத்தானை அழுத்தினால் Banding என்று ஒன்று வரும். ஒரு பட்டைக்கு எத்தனை வரிசை என்பதை அங்கே 2 ஆக்கினால் ஜோடி ஜோடியாகப் பட்டை விழும்.

இருபத்துநான்கு வரிசைகள் இரண்டாம் பக்கத்துக்குப் போகும்போது தலைப்பும் கூடவே போக வேண்டும். ஸ்டைலில் Header Row என்று டிக் போட்டிருப்பது தோற்றத்துக்கு மட்டும்தான், அது தலைப்பை அடுத்த பக்கத்தில் திரும்ப எழுதாது. அதற்கு முதல் வரிசையைத் தேர்ந்து Layout தாவலில் Repeat Header Rows அழுத்த வேண்டும். அட்டவணைக்கு நடுவில் நாமே பக்கத்தை முறித்திருந்தால் அது வேலை செய்யாது.

இனி பட்டறைக்கு வெளியே. பிரிண்டர் கெட்டுப்போன நாளில் கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஆவடி ரயில் நிலையம் பக்கமோ அம்பத்தூர் ஓ.டி.யிலோ இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போவது இங்கே வழக்கம். அங்கே வேர்டுக்குப் பதில் லிபரே ஆபீஸ் இருக்கலாம். லிபரே ஆபீஸ் ரைட்டர் வேர்டின் அட்டவணை ஸ்டைலைத் திறக்கும்போது அதை ஸ்டைலாக வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி நிறமாக மாற்றிக்கொள்கிறது. தோற்றம் அதேதான். கடைக்காரர் உங்களுக்காக ஒரு வரிசை சேர்த்தால் பட்டை தானாக நகராது.

லிபரே ஆபீஸிலேயே ரிப்போர்ட் தயாரிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அதன் அச்சு அமைப்புகளில் Print text in black என்று ஒரு தேர்வு இருக்கிறது. எழுத்து எல்லாம் தெளிவாக வரட்டும் என்று அதை டிக் செய்து வைத்திருந்தால், கறுப்புத் தலைப்பில் இருக்கும் வெள்ளை எழுத்தும் கறுப்பாகிவிடும். தலைப்பு வரிசை வெறும் கரும்பட்டையாக வரும். தலைப்பே காணோம் என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வேர்டில் இதற்கு ஈடாகப் பலர் தேடிப் போவது Options, Display என்பதில் உள்ள Print background colors and images. பட்டை அச்சில் வரவில்லை என்றதும் அதை டிக் செய்யச் சொல்வார்கள். அது பக்கத்தின் பின்னணி நிறத்துக்கானது. அட்டவணைக் கட்டத்தின் நிறம் அது இல்லாமலேயே அச்சாகும். பட்டை வரவில்லை என்றால் காரணம் வெளிர்த்த நிறமோ, டோனர் சேமிப்போ, தீரப்போகும் டோனரோதான்.

வெளியில் அச்சடிக்கும் எதையும் பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போனால் மேலே சொன்ன குழப்பங்களில் பாதி வராது. கோடும் நிறமும் அப்படியே உறைந்திருக்கும்.

தொழிற்பேட்டைக்கு வெளியே இதே கேள்வி வரும் இன்னோர் இடம் அடுக்குமாடிக் குடியிருப்புகள். பூந்தமல்லிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் குடியிருப்புகளில் மாதாந்தரப் பராமரிப்புக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறார்கள். இங்கே நான் வேறு தேர்வு சொல்வேன். பலகையில் ஒட்டும் தாளை யாரும் ஜெராக்ஸ் எடுக்கப்போவதில்லை, இரண்டடி தள்ளி நின்று தன் வீட்டு எண்ணைத் தேடுவார்கள். அதற்கு 15 சதவீதப் பட்டை நல்லது. மொத்தத் தொகை வரிசைக்கு Total Row டிக் போட்டு அதற்கும் தடித்த கோடு கொடுத்தால் போதும். குழுவுக்குப் போவது பிடிஎஃப் என்பதால் அங்கே நிறம் இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் நிலுவைத் தொகையைச் சிவப்பு எழுத்தில் மட்டும் காட்டினால் பலகைத் தாளில் அது மற்ற எண்களோடு கலந்துவிடும். நிலுவை என்ற சொல்லையே பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

எந்த ஸ்டைலை எடுத்தாலும் அதை முடிவு செய்ய வேண்டிய இடம் தாள்தான். ரிப்போர்ட்டின் ஒரு பக்கத்தை அச்சடியுங்கள், அதை ஜெராக்ஸ் எடுங்கள், அந்த ஜெராக்ஸையும் ஒருமுறை ஜெராக்ஸ் எடுங்கள். கடைசித் தாளைக் கைநீட்டி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து மூன்றைப் பாருங்கள். தலைப்பில் மெய்யெழுத்துப் புள்ளிகள் இருக்கின்றனவா? பட்டை வரிசையின் தசமப் புள்ளி வெள்ளை வரிசையின் தசமப் புள்ளி அளவுக்குத் தெளிவாக இருக்கிறதா? கோடுகள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அறுபடாமல் போகின்றனவா? பட்டை வரிசையில் புள்ளியைத் தேட வேண்டியிருந்தால், அந்த ரிப்போர்ட்டில் Banded Rows என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கோடு பார்த்துக்கொள்ளும்.

அடுத்த லோடு கிளம்பும் முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பழைய ஸ்டைலில் போட்டு ஜெராக்ஸ் எடுத்த தாளை, புது ஸ்டைலில் போட்டு ஜெராக்ஸ் எடுத்த தாளுக்குப் பக்கத்தில் வைத்து, கையெழுத்துப் போடுகிறவரிடம் காட்டுங்கள். எது அலுவலகத்தின் ரிப்போர்ட்டாக இருக்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.